அவர் எந்தக் கம்பெனியில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார்?

கேள்வி: “தண்டையார்பேட்டையில் எங்கள் பள்ளிக்கு இடம் கொடுத்த பெரியவருக்கு நூற்றாண்டு மலர் போடுகிறோம். ஐஸ் ஃபேக்டரி, வலைக் கம்பெனி, லாரி ஆபீஸ் என்று பல தொழில் செய்தவர். 1980களின் தொடக்கத்திலிருந்தே கம்பெனி டைரக்டர் என்று குடும்பத்தார் சொல்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் 2006இல் நியமனம் என்று இருக்கிறது. இன்னொரு தளத்தில் இன்னும் டைரக்டராகவே இருக்கிறார், ஆனால் அவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. எதை நம்பி எழுதுவது?”

இப்போதைக்கு மூன்றையுமே நம்பி எழுதாதீர்கள். ஆனால் மூன்றையும் தூக்கி எறியவும் வேண்டாம். நான் மண்ணடியில் பல வருடமாகக் கம்பெனி செக்ரட்டரியாக வேலை பார்க்கிறேன், இந்த மாதிரித் தேதிகளைத் தாக்கல் செய்வதும் தேடி எடுப்பதும்தான் என் பிழைப்பு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கம்பெனிப் பதிவேட்டில் இருக்கும் தேதி பெரும்பாலும் பொய்யாக இருக்காது, ஆனால் நீங்கள் நினைக்கும் விஷயத்தின் தேதியாகவும் இருக்காது. முதலில் சேர்ந்த தேதி, பதவி மாறிய தேதி, மறுபடியும் நியமித்த தேதி, விலகிய தேதி, அந்த விலகலைத் தாக்கல் செய்த தேதி என்று எல்லாமே வேறு வேறு. திரையில் பெரும்பாலும் ஒரே ஒரு தேதிதான் தெரியும். அது இவற்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது.

அதற்கு முன்னால் ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வடசென்னைத் தொழில்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். கம்பெனிப் பதிவேட்டில் கம்பெனிகள்தான் இருக்கும். ஒருவர் சொந்தப் பெயரில் நடத்திய கடையோ, அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய பார்ட்னர்ஷிப்போ அதில் வராது. திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தது 1946இல். அதுதான் பின்னால் எம்.ஆர்.எஃப். ஆனது. ஆனால் அது கம்பெனியாகப் பதிவானது 1960இல். அந்தப் பதினான்கு வருடத்தைப் பற்றிக் கம்பெனிப் பதிவேட்டைக் கேட்டால் அதற்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் பெரியவரின் லாரி ஆபீஸ் எனக்குத் தெரிந்த வரையில் பார்ட்னர்ஷிப்பாகவோ தனிப்பெயரிலோ இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். “கம்பெனி” என்று நம் ஊரில் எதையும் சொல்வார்கள், போர்டில் “அண்ட் கோ” என்று போட்டிருந்தாலும் அது பெரும்பாலும் பார்ட்னர்ஷிப்தான். பெயருக்குக் கடைசியில் “லிமிடெட்” இருந்ததா என்று பழைய லெட்டர்பேடு, பில் புத்தகம், காலண்டர் எதிலாவது பாருங்கள். இல்லையென்றால் கம்பெனிப் பதிவாளரான ஆர்.ஓ.சி. பக்கம் போக வேண்டாம். பதிவுத்துறையில் பார்ட்னர்ஷிப்புகளுக்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது, வடசென்னைக்கு ராஜாஜி சாலையில் உள்ள மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். 1932ஆம் வருடத்துக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு பங்காளியும் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்று எழுதித் தர வேண்டும். அதனால் அங்கே கிடைக்கும் ஒற்றைத் தாள் சில சமயம் கம்பெனிக் கோப்பு முழுவதையும் விட உபயோகமாக இருக்கும். சிக்கல் என்னவென்றால் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, பதிவு செய்தவர்களும் நடுவில் பங்காளி மாறியதை ஒழுங்காகத் தெரிவிப்பதில்லை. அதனால் அந்தத் தாளில் அவர் பெயர் இருந்தால் நல்ல சாட்சி, இல்லாததை மட்டும் வைத்து அவருக்கும் அந்தத் தொழிலுக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சரி, லிமிடெட் கம்பெனிகளுக்கு வருவோம். முதல் வேலை, அவர் எந்தெந்தக் கம்பெனியில் இருந்தார் என்ற பட்டியல். இதற்கு டைரக்டர் அடையாள எண், அதாவது டின் என்று நாங்கள் சொல்லும் எட்டு இலக்க எண் கிடைத்தால் பாதை சுலபம். ஒருவருக்கு ஒரே எண்தான், ஆயுள் முழுக்க அதுதான், எத்தனை கம்பெனியில் இருந்தாலும் மாறாது. ஆனால் இந்த எண் வந்ததே 2006இல். அதற்கு முன்பே விலகியவருக்கும் இறந்தவருக்கும் எண்ணே கிடையாது. உங்கள் பெரியவர் அதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார், 2006 தேதியும் தெரிகிறது, அதனால் அவருக்கு எண் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து வரும் பட்டியலில் 2006க்குப் பிறகு அவர் இருந்த கம்பெனிகள் வரும். 1995இல் ஒரு கம்பெனியை விற்றுவிட்டு வெளியே வந்திருந்தால் அது வராது. இதைத்தான் நிறைய பேர் கவனிக்காமல் “அவருக்கு இரண்டே கம்பெனிதான்” என்று எழுதிவிடுகிறார்கள்.

பெயரை வைத்துத் தேடும்போது நம் இனிஷியல் பெரிய தொல்லை. எண்ணுக்கான விண்ணப்பத்தில் முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் என்று கேட்பார்கள், இனிஷியலை மட்டும் போட்டால் ஏற்க மாட்டார்கள். அதனால் ஊரெல்லாம் மு. ஆறுமுகம் என்று தெரிந்தவர் திரையில் ARUMUGAM MURUGESAN என்று இருப்பார், ஆடிட்டர் ஆபீஸில் நிரப்பியவர் மாற்றிப் போட்டிருந்தால் MURUGESAN ARUMUGAM என்று இருப்பார். இரண்டையும் தேடுங்கள். எழுத்துக்கூட்டலும் மாறும்: Shanmugam, Shunmugam, Natarajan, Nadarajan. பழைய தாள்களில் பெயரோடு நாடார், செட்டியார், முதலியார் என்று ஒட்டியிருக்கும், பின்னால் வந்த தாள்களில் அது உதிர்ந்திருக்கும். ஒரே பெயரில் இருவர் வந்தால் பிரித்துக்காட்டுவது அப்பா பெயர். கம்பெனித் தாள்களில் அப்பா பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும், இரண்டும் சேர்ந்து பொருந்தினால்தான் நான் “இவரே” என்று ஒப்புக்கொள்வேன். பெயர் மட்டும் ஒத்துப்போனால் அதைச் சந்தேகப் பட்டியலில்தான் வைப்பேன், அதுவும் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் தொழில் செய்திருப்பார்கள்.

கம்பெனியின் பெயரும் மாறியிருக்கலாம். இதற்குக் கம்பெனியின் 21 எழுத்து அடையாள எண் உதவும். எண்ணூரில் இருக்கும் அசோக் லேலண்டை எடுத்துக்கொள்ளுங்கள்: L34101TN1948PLC000105. முதல் எழுத்து பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி என்பதைச் சொல்கிறது, அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை, பிறகு மாநிலம், பதிவான வருடம், பப்ளிக் லிமிடெட் என்பதற்கான மூன்று எழுத்து, கடைசியில் பதிவு எண். 1948இல் பதிவானபோது அதன் பெயர் அசோக் மோட்டார்ஸ். லேலண்ட் என்ற பெயர் வந்தது 1955இல். அப்படியானால் 1950ஆம் வருடத்து டைரக்டரியில் “லேலண்ட்” என்று தேடினால் கிடைக்காது, அசோக் மோட்டார்ஸ் என்று தேட வேண்டும். பெயர் மாறினாலும் பிரைவேட்டிலிருந்து பப்ளிக் ஆனாலும் கடைசி ஆறு இலக்கம் அப்படியே இருக்கும், கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போனால்தான் அது மாறும். உங்கள் பெரியவரின் கம்பெனிக்கும் அந்த நான்கு இலக்க வருடத்தை முதலில் பாருங்கள். அது 1983 என்று இருந்தால் 1981இல் அவர் அந்தக் கம்பெனி டைரக்டராக இருந்திருக்க முடியாது, குடும்பம் என்ன சொன்னாலும் சரி. அந்தத் தொழில் 1981இல் வேறு உருவத்தில் நடந்திருக்கலாம், அது வேறு விஷயம்.

இப்போது தேதிக்கு வருகிறேன். மத்திய அரசின் mca.gov.in தளத்தில் இலவசமாக ஒரு கணக்குத் திறந்தால் கம்பெனியின் அடிப்படை விவரமும் டைரக்டர் பட்டியலும் பார்க்கலாம். இணையத்தில் உள்ள தனியார் தளங்கள் எல்லாம் இங்கிருந்து அள்ளிப் போட்டவைதான், அள்ளிய நாளோடு அவை நின்றுவிடும். அதனால்தான் ஒன்றில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் தெரிகிறது. ஆனால் அரசுத் தளத்தின் பட்டியலும் ஒரு சுருக்கம்தான், மூல ஆதாரம் அதற்குப் பின்னால் இருக்கும் தாள்கள். ஒரு கம்பெனிக்கு நூறு ரூபாய் கட்டினால் அதன் பொதுக் கோப்பில் உள்ள தாள்களைத் திறந்து பார்க்கலாம், திறந்த பிறகு சில மணி நேரம்தான் கிடைக்கும், அதற்குள் வேண்டியதை இறக்கிக்கொள்ள வேண்டும். சட்டப்படி இதற்கு நீங்கள் கம்பெனிக்குச் சொந்தக்காரராகவோ வக்கீலாகவோ இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதைவிட்டு இந்தச் சுருக்கப் பட்டியலோடு நின்றுவிடுவதுதான் மலர்களிலும் கட்டுரைகளிலும் தப்புத் தேதி வருவதற்கு முதல் காரணம்.

உங்கள் கேள்விக்குக் கிட்டத்தட்ட அச்சாகப் பொருந்தும் ஒரு கோப்பை நான் பார்த்திருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை விட்டுவிட்டு, வருடங்களையும் கொஞ்சம் நகர்த்திச் சொல்கிறேன். காசிமேட்டுப் பக்கம் ஐஸ் ஃபேக்டரி நடத்திய ஒரு பிரைவேட் லிமிடெட். தளத்தில் பெரியவரின் நியமனம் 01/04/2006, பதவி மேனேஜிங் டைரக்டர், விலகிய தேதிக் கட்டம் காலி. குடும்பமோ “கம்பெனியை ஆரம்பித்ததே அப்பாதான், 1983” என்றது.

முதலில் பதிவின்போது கொடுத்த, கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோரண்டத்தையும் அதன் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸையும் திறந்தோம். மெமோரண்டத்தின் கடைசிப் பக்கத்தில், ஆரம்பத்தில் பங்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள் தங்கள் கையாலேயே பெயர், அப்பா பெயர், விலாசம், தொழில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பெரியவர் அங்கே இரண்டாவது ஆளாக இருந்தார், தொழில் “வியாபாரம்”, தேதி 1983. குடும்பம் சொன்னது சரி என்றுதான் தோன்றியது. ஆனால் முதல் டைரக்டர்கள் யார் என்பதை ஆர்ட்டிகிள்ஸில் பெயர் போட்டு எழுதுவது வழக்கம், அங்கே இருந்தவர்கள் அவருடைய அண்ணனும் மைத்துனரும். பெரியவர் இல்லை. அதாவது 1983இல் அவர் பங்குதாரர், கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஆனால் டைரக்டர் இல்லை. குடும்பத்தின் நினைவு தப்பில்லை, பதவியின் பெயர்தான் தப்பு.

அடுத்து டைரக்டர் மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவங்கள். 1956ஆம் வருடச் சட்டத்தின் காலத்தில் அது படிவம் 32, 2013 சட்டம் வந்த பிறகு DIR-12. இரண்டுமே மாற்றம் நடந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியவை. 2006க்கு முந்தைய தாள்கள் எல்லாம் காகிதம், அவற்றில் ஸ்கேன் செய்து ஏற்றியவைதான் தளத்தில் இருக்கும், ஒரு கம்பெனிக்கு நிறைய இருக்கும், பக்கத்துக் கம்பெனிக்கு ஒன்றுமே இருக்காது. இந்தக் கோப்பில் நல்லவேளையாக 1986ஆம் வருடத்து படிவம் 32 ஒன்று இருந்தது: பிப்ரவரியில் டைரக்டர் போர்டு அவரைக் கூடுதல் டைரக்டராகச் சேர்த்திருக்கிறது. கூடுதல் டைரக்டர் என்றால் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைக்கும்தான் பதவி, அந்தக் கூட்டத்தில் பங்குதாரர்கள் நியமித்தால்தான் தொடர முடியும். அதனால் அதே வருடம் செப்டம்பர் தேதியிட்டு இன்னொரு நியமனம் இருந்தது. டைரக்டரான தேதி எது என்று கேட்டால் பிப்ரவரி என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் கூடுதல் டைரக்டரும் முழு அதிகாரம் உள்ள டைரக்டர்தான். செப்டம்பர் என்று போட்டிருக்கும் பட்டியலும் பொய் சொல்லவில்லை, இரண்டாவது நிகழ்ச்சியைச் சொல்கிறது.

பிறகு 1991 ஏப்ரல் 1 முதல் மேனேஜிங் டைரக்டர், ஐந்து வருடத்துக்கு. முடிந்ததும் இன்னும் ஐந்து, அதற்கப்புறம் இன்னும் ஐந்து. 1991, 1996, 2001, 2006. திரையில் தெரிந்த 01/04/2006 என்பது மூன்றாவது முறை நீட்டித்த தேதி, அவ்வளவுதான். கணினியில் முதன்முதலாக ஏற்றியபோது எது கையிருப்பில் இருந்ததோ அதைப் போட்டிருக்கிறார்கள். ஒரு தேதி ஏப்ரல் 1 என்றோ செப்டம்பர் 29, 30 என்றோ இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஏப்ரல் 1 நிதியாண்டின் முதல் நாள், மேனேஜிங் டைரக்டர் பதவிக்காலம் பெரும்பாலும் அன்று தொடங்கும். செப்டம்பர் கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டக் காலம், மறுநியமனமோ கூடுதல் டைரக்டரை உறுதி செய்வதோ அன்று நடக்கும். இந்த மாதிரித் தேதிக்கு முன்னால் அவர் ஏற்கெனவே அங்கே இருந்தாரா என்று தேடிப் பார்க்காமல் விடாதீர்கள். புதிய தளத்தில் முதல் நியமனத் தேதி, இப்போதைய பதவிக்கு வந்த தேதி என்று இரண்டு தனிக் கட்டம் இருக்கிறது, ஆனால் பழைய ஆட்களுக்கு இரண்டிலும் ஒரே தேதி ஏறியிருப்பதை நிறையவே பார்க்கிறேன்.

படிவம் 32 கிடைக்காமல் போயிருந்தால்? அப்போதும் வழி இருக்கிறது, ஆண்டு ரிட்டர்ன். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஒவ்வொரு கம்பெனியும் கொடுக்க வேண்டியது, இப்போது அதன் பெயர் MGT-7, சின்னக் கம்பெனிகளுக்கு MGT-7A. அன்றைக்கு யார் யார் டைரக்டர், யார் எத்தனை பங்கு வைத்திருக்கிறார் என்று அதில் இருக்கும். 1985 செப்டம்பர் ரிட்டர்னில் பெயர் இல்லை, 1986 செப்டம்பர் ரிட்டர்னில் இருக்கிறது என்றால் அந்த ஒரு வருடத்துக்குள் சேர்ந்திருக்கிறார். “1985–86இல் டைரக்டரானார்” என்று தைரியமாக எழுதலாம், நாள் தெரியாது என்பதற்காக எதையாவது ஊகித்துப் போட வேண்டாம். பேலன்ஸ் ஷீட்டும் இதற்கு உதவும். அதில் டைரக்டர்கள் கையெழுத்தும் தேதியும் இருக்கும், அந்த நாளில் அவர் அந்தப் பதவியில் இருந்து வேலை பார்த்தார் என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி இல்லை. பேலன்ஸ் ஷீட்டின் குறிப்புகளில் சம்பந்தப்பட்ட நபர்கள், சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் என்று ஒரு பட்டியலும் 2000த்துக்குப் பிந்தைய கணக்குகளில் வரும். டைரக்டரின் பார்ட்னர்ஷிப், மனைவி பெயரில் இருக்கும் கடை எல்லாம் அங்கேதான் முதன்முதலாக வெளியே தெரியும். அந்த ஐஸ் ஃபேக்டரி பெரியவருக்கு ஒரு வலை வியாபாரப் பார்ட்னர்ஷிப் இருந்தது எங்களுக்குத் தெரிந்ததே இந்தக் குறிப்பிலிருந்துதான், அதற்கப்புறம்தான் ராஜாஜி சாலைக்குப் போனோம்.

இனி முடிந்த தேதி. இது தொடங்கிய தேதியை விட மோசம், ஏனென்றால் சேரும்போது இருக்கும் அக்கறை போகும்போது யாருக்கும் இருப்பதில்லை. அந்தக் கோப்பில் 2010 மார்ச்சோடு மேனேஜிங் டைரக்டர் பதவியை மகனிடம் கொடுத்துவிட்டார், சாதாரண டைரக்டராகத் தொடர்ந்தார். அந்த மாற்றம் 2011இல்தான் தாக்கலானது, தளத்தில் ஏனோ ஏறவே இல்லை. 2014இல் இறந்தார். இறந்ததைத் தெரிவிக்கும் DIR-12 போனது 2016இல், இறப்புச் சான்றிதழோடு. நாங்கள் பார்த்த தனியார் தளம் 2016க்கு முன்னால் எடுத்த நகலை வைத்திருந்தது, அதில் அவர் உயிரோடு பதவியில் இருந்தார். உங்கள் இரண்டாவது தளத்துக்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும், அல்லது கம்பெனி இன்னும் தெரிவிக்கவே இல்லை. டின் எண்ணைத் தட்டிப் பாருங்கள். டைரக்டரின் விவரத்தைச் சரிபார்க்கும் படிவம் DIR-3 KYC 2018இல் வந்தது, அதைக் கொடுக்காதவர்களின் எண் முடக்கப்பட்டதாகக் காட்டும். காலமானவரின் எண் பெரும்பாலும் அந்த நிலையில்தான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு அவர் ஏதோ குற்றம் செய்து தகுதி நீக்கம் ஆனார் என்று யாரும் எழுதிவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு.

விலகிய தேதியைப் பார்க்கும்போது படிவத்தில் உள்ள நிகழ்ச்சித் தேதியோடு அதைத் தாக்கல் செய்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2013 சட்டப்படி ராஜினாமாக் கடிதம் கம்பெனிக்குக் கிடைத்த நாளோ கடிதத்தில் குறிப்பிட்ட நாளோ, இரண்டில் பின்னால் வருவதுதான் கணக்கு. இரண்டு மூன்று வாரத்தில் தாக்கலாகியிருந்தால் அந்தத் தேதியை நம்பலாம். மூன்று வருடம் கழித்துத் தாக்கல் செய்து, “மூன்று வருடம் முன்பே விலகிவிட்டார்” என்று சொல்லியிருந்தால், கடன் பிரச்சினையோ வழக்கோ வந்த பிறகு பின்தேதி போட்டார்களா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாத் தாமதமும் கள்ளம் இல்லை. சின்னக் கம்பெனிகளில் ஆடிட்டர் மாறினாலே இரண்டு வருடம் போய்விடும், 2020இல் தாமதக் கட்டணம் இல்லாமல் பழைய பாக்கியைத் தாக்கல் செய்ய அரசு வாய்ப்புக் கொடுத்தபோது நிறைய பேர் பல வருடத் தாள்களை ஒரே மூச்சில் ஏற்றினார்கள். அப்படிப்பட்ட இடத்தில், விலகியதாகச் சொல்லும் தேதிக்குப் பிறகு வந்த பேலன்ஸ் ஷீட்டில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விலகல் தேதி சந்தேகம், இல்லையென்றால் ஏற்றுக்கொள்ளலாம். இன்னொரு வகையும் உண்டு: கம்பெனியே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கும், 2017இல் கணக்குத் தாக்கல் செய்யாத கம்பெனிகள் நாடு முழுக்க லட்சக்கணக்கில் அப்படி நீக்கப்பட்டன. அங்கே டைரக்டருக்கு விலகல் தேதி இருக்காது. கம்பெனி நீக்கப்பட்ட நாளோடு பதவியும் முடிந்தது என்று எழுதலாம், ஆனால் தொழில் எப்போது நின்றது என்பதை அந்தத் தேதி சொல்லாது, அது பல வருடம் முன்பே நின்றிருக்கும்.

இன்னும் பழைய காலத்துக்குப் போக நேர்ந்தால், அதாவது பெரியவரின் அப்பா, மாமா என்று போனால், கன்னிமாரா நூலகத்தில் பழைய வணிக டைரக்டரிகளையும் முதலீட்டாளர் கையேடுகளையும் கேளுங்கள். பப்ளிக் லிமிடெட் கம்பெனிகளின் டைரக்டர் பட்டியல் அவற்றில் வருடாவருடம் வந்திருக்கிறது. சின்ன பிரைவேட் கம்பெனிகள் அபூர்வம். அச்சில் உள்ள வருடத்துக்கும் தகவலின் வருடத்துக்கும் குறைந்தது ஒரு வருட இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள், 1962ஆம் வருடப் பதிப்பில் இருப்பது 1961இன் நிலவரமாகத்தான் இருக்கும். 1970க்கு முன்னால் மேனேஜிங் ஏஜென்சி முறை இருந்ததையும் மறக்கக் கூடாது. பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில்லை நடத்தியது பின்னி கம்பெனி, மேனேஜிங் ஏஜென்ட் என்ற பெயரில். அந்தக் காலத்தில் ஒரு மில்லை உண்மையில் நடத்தியவரின் பெயர் மில்லின் டைரக்டர் பட்டியலில் இல்லாமல் ஏஜென்ட் நிறுவனத்தின் பங்காளிகளில் இருக்கலாம். அந்த முறை 1970 ஏப்ரலில் சட்டப்படி ஒழிந்தது, அதை ஒட்டி அந்த வருடம் திடீரென்று பல பெயர்கள் மேனேஜிங் டைரக்டராக முளைத்திருப்பதைப் பார்த்தால் அவர்கள் அன்றைக்குத்தான் தொழிலுக்கு வந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

பதிவேடு பதில் சொல்லாத கேள்விகளும் உண்டு. “சேர்மன்” என்று குடும்பம் சொன்னால் அதற்கென்று தனிப் படிவம் கிடையாது, டைரக்டர் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் இருக்கும், பல கம்பெனிகள் அதையும் விட்டிருக்கும். கம்பெனியின் ஆண்டறிக்கையிலோ மினிட்ஸ் புத்தகத்திலோதான் அதற்குச் சாட்சி. “முதலாளி” யார் என்பதையும் டைரக்டர் பட்டியல் சொல்லாது, ஆண்டு ரிட்டர்னின் பங்குதாரர் பட்டியலை வைத்து ஓரளவு சொல்லலாம், அதுவும் பினாமியாகப் பங்கு வைத்திருந்தால் தெரியாது. காகிதக் காலத்துத் தாள் தளத்தில் இல்லையென்றால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள ஆர்.ஓ.சி. ஆபீஸுக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு சில வகைத் தாள்களை அழித்துவிட விதி இருக்கிறது, அதனால் கிடைக்கும் என்று நம்பி மலரை நிறுத்தி வைக்க வேண்டாம். குடும்பத்திடம் போர்டு மினிட்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சட்டப்படி அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும், கம்பெனி இன்னும் ஓடினால் மகன் ஆபீஸ் பீரோவில் இருக்கும். அதில் அவரை நியமித்த தீர்மானமே இருக்கும், ஆர்.ஓ.சி.க்குப் போன படிவம் அதன் நிழல்தான்.

மலரில் எழுதும்போது நான் அந்த ஐஸ் ஃபேக்டரிக்கு எழுதிக்கொடுத்த மாதிரி எழுதுங்கள்: “1983இல் கம்பெனியைத் தொடங்கிய பங்குதாரர்களில் ஒருவர், 1986 பிப்ரவரி முதல் டைரக்டர், 1991 ஏப்ரல் முதல் 2010 மார்ச் வரை மேனேஜிங் டைரக்டர், 2014இல் மறையும் வரை டைரக்டர்.” உறுதியாகாத இடத்தில் “குடும்பத்தார் நினைவுப்படி” என்று சேர்த்துவிடுங்கள். தாள்களில் அவருடைய வீட்டு விலாசம், பான் எண், சில சமயம் பாஸ்போர்ட் எண் வரை இருக்கும், குடும்பத்தில் மற்றவர்களுடையதும் இருக்கும். படிவத்தைப் படமாக அச்சிட ஆசைப்பட்டால் அவற்றை மறைத்துவிட்டு அச்சிடுங்கள். வலைக் கம்பெனியின் பெயரையும் கடைசியில் லிமிடெட் இருந்ததா என்பதையும் இங்கே எழுதினால், எந்தப் பதிவேட்டில் தேட வேண்டும் என்று சொல்கிறேன்.